நாலு அங்குல போல்ட்

மாடியில் ரூம் போடச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். மாடி தாங்குமா? பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம், இரும்புச் சட்டம், பேனல், கதவு, கூரை எல்லாம் சேர்த்து முக்கால் டன் வரும். அதையே செங்கல்லில் கட்டி மேலே கான்கிரீட் போட்டால் பத்து டன்னுக்குக் குறையாது. மாடி தாங்கும், கவலைப்படாமல் போங்கள் என்று அனுப்புவேன். அவ்வளவு லேசான ரூமைக் காற்று தூக்கிவிடாதா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

என் பெயர் ஆரோக்கியராஜ். சொந்த ஊர் திசையன்விளை. திருப்பூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனிகளுக்கு இரும்பு ஷெட் போடுவது என் தொழில். நடுவில் மூன்று வருஷம் கோயம்புத்தூரில் குளிர்பதனக் கிடங்கு கட்டும் வேலையில் இருந்தேன். பேனல் வேலை அங்கே கற்றது. வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்பாள் என் பெண்டாட்டி. என் வேலையில் யாராவது குறுக்கே ஒரு வார்த்தை பேசினால் எனக்குச் சுள்ளென்று ஏறும். அந்தக் கோபத்தால்தான் இது நடந்தது. மூடி மறைக்க ஒன்றுமில்லை.

2006 சித்திரையில் சுபஸ்ரீ என்று ஒரு அம்மா போன் செய்தார். பெருமாநல்லூர் ரோட்டில் வீடு. முன்பாதியில் நாலு நிட்டிங் மெஷின் ஓடுகிற ஹால், பின்பாதியில் குடியிருப்பு. அவர் புருஷன் மகுடேஸ்வரனுக்கு நாற்பத்து நாலு வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டன. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செய்யாவிட்டால், வாரம் மூன்று நாள் கோயம்புத்தூர் போய் மெஷினில் படுத்திருக்க வேண்டும். தொழிலும் அதோடு போய்விடும்.

ஆனால் வீட்டில் செய்ய ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தூசி இல்லாத ரூம் வேண்டும். குழாயின் மூடியைத் திறக்கிற சில நொடிக்குள் ஒரு துளி அழுக்கு போனாலும் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும். அந்த வீட்டிலோ அரிசிப் பானையைத் திறந்தால்கூடப் பஞ்சு இருக்கும்.

"ஏனுங்க, கொத்தனாரு ரெண்டு மாசம் ஆகுமுங்கறாரு. சுவரு காயோணும், பூச்சு காயோணும்ங்கறாரு. ஆஸ்பத்திரியில ஊட்டுக்கு அனுப்ப மூணு வாரந்தானுங்க இருக்குது" என்றார் சுபஸ்ரீ.

"நாலு நாள் போதும்க்கா. பூச்சு வேலையே கெடையாது. சுவத்த சோப்புத் தண்ணி போட்டுக் கழுவலாம்" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. இரண்டு அங்குலப் பேனல், இருபுறமும் வெள்ளைப் பெயின்ட் அடித்த மெல்லிய இரும்புத் தகடு, நடுவே கெட்டியான ஃபோம். வெயில் உள்ளே இறங்காது. ஒரு பேனலின் நாக்கு அடுத்த பேனலின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். சேர்மானத்தில் சிலிகான் பசை இழுத்துவிட்டால் எறும்பு போக வழியிருக்காது. குளிர்பதனக் கிடங்கில் செய்வதுபோல் சட்டத்தை வெளியே நிறுத்திப் பேனலை உள்பக்கம் கட்டினேன். உள்ளே ஒரு கம்பமும் தெரியாது, தூசி உட்கார ஒரு விளிம்பு இருக்காது. அதை நானே யோசித்துச் செய்தேன், அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

மேற்கே மூன்று கம்பம், கிழக்கே மூன்று கம்பம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகடு, தகட்டுக்கு நாலு போல்ட். போல்ட் போடுவதற்கு முன்னால் சுபஸ்ரீ மாடிக்கு வந்து நின்றார்.

"தட்டோட்ட மட்டும் ஒடச்சுப்போடாதீங்க. ஒரு சொட்டு ஒழுகுனாலும் கீழ மெஷின் மேல உழுகுமுங்க."

நம் ஊர் மாடிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற சிவப்புத் தட்டோடு கான்கிரீட் தளத்தின்மேல் நேராக உட்கார்ந்திருக்காது. நடுவே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த சுருக்கி இருக்கும். மழைத் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் உயரமாகவும் தண்ணீர் இறங்குகிற குழாய்ப் பக்கம் தாழ்வாகவும் அதைப் போட்டிருப்பார்கள். அது வெயிலுக்கும் மழைக்கும் போட்ட மெத்தை. எதையும் பிடித்து நிறுத்துகிற பலம் அதற்குக் கிடையாது.

கை கழுவும் தொட்டிக்குக் குழாய் பதிக்க அங்கமுத்து என்று ஒரு கொத்தனார் வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். பீடியை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, கம்பம் நிக்கிற எடத்துல சுருக்கிய வெட்டிப்போட்டுத் தளத்துல மாட்டுங்க. ஒழுகாம நான் கட்டித் தர்றனுங்க."

எனக்கு ஏறிவிட்டது. "அண்ணாச்சி, நீங்க தொட்டி வேலைய பாருங்க. இருநூறு ஷெட் போட்டவன் நான். எனக்குப் போல்ட் போட வகுப்பு எடுக்காதீங்க" என்றேன். சுபஸ்ரீ பக்கத்தில் நின்றது வேறு என்னைக் கிளப்பிவிட்டது. அங்கமுத்து தொட்டி வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இருநூறு ஷெட் போட்டது உண்மை. எல்லாமே கொத்தனார் வார்த்துக் கொடுத்த கான்கிரீட் திட்டின்மேல் போட்டவை. தட்டோட்டின்மேல் அதுவரை ஒன்றுகூடப் போட்டதில்லை. முதல் துளையை நானே போட்டேன், கிழக்கே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம். முதலில் சிவப்புத் தூள் வந்தது, கொஞ்சம் போனதும் சாம்பல் தூள் வந்தது. கான்கிரீட் வந்துவிட்டது, நாலு அங்குல போல்ட் போதும் என்று முடிவு கட்டி, மீதியைப் போடச் சொல்லி முனீஸிடம் டிரில்லைக் கொடுத்தேன். முனீஸ் என் ஊர்க்காரன், பத்து வருஷமாகக் கூட இருப்பவன். மேற்குப் பக்கம் போடும்போது, "அண்ணே, செவப்பாவே வருது" என்றான். "வரும்லே. சோலியப் பாரு" என்றேன். போல்ட்டை முறுக்கினோம். கெட்டியாகத்தான் பிடித்தது. புதிதாகப் போடும்போது சுருக்கிகூடக் கெட்டியாகத்தான் பிடிக்கும்.

நாலாவது நாள் ரூம் முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்து அபிராமி சிஸ்டர் வந்து பார்த்தார். வீட்டில் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரூமைப் பார்த்து ஓகே சொல்வது அவர் வேலை. சுவரில் விரலைத் தேய்த்தார், மூலையில் குனிந்து பார்த்தார், கதவைச் சாத்தி உள்ளே கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, "இவ்வளவு நல்ல ரூம் நான் பார்த்ததில்லைங்க" என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். ஊத்துக்குளியில் ஒருவருக்கும் கொமரலிங்கத்தில் ஒருவருக்கும் இதேபோல் வேண்டுமாம். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ அல்வா வாங்கிப் போனேன்.

மகுடேஸ்வரன் அந்த ரூமில் குடியேறினார். மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை மேற்குச் சுவர் ஓரமாக அடுக்கி, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இடையில் ஒருமுறை போனபோது அவர் ஹாலில் நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் வீக்கம் வற்றியிருந்தது.

"ஏனுங்க ஆரோக்கியம், மறுபடி மெஷின் சத்தத்துல நிக்கிறனுங்க" என்றார். நான் எத்தனையோ ஷெட் போட்டிருக்கிறேன். இப்படி ஒருத்தரும் என் கையைப் பிடித்துச் சொன்னதில்லை.

ஆடி பிறந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று திருப்பூரில் எப்படி அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆடி ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வேறொரு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு போடப் போயிருந்தேன். கொத்தனார் தட்டோட்டை எடுத்துச் சுருக்கியை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிறார், வெட்டுகிறார், சிவப்பாகவே வருகிறது. ஐந்து அங்குலம் போனபிறகுதான் தளம் தெரிந்தது.

நான் போட்டதோ நாலு அங்குல போல்ட். மகுடேஸ்வரன் வீட்டு மாடியில் மேற்குப் பக்கம்தான் உயரம். அங்கே என் பன்னிரண்டு போல்ட்டும் கான்கிரீட்டைத் தொட்டே இருக்காது. கிழக்கே நுனி மட்டும் தொட்டிருக்கும். காற்று வருவதோ மேற்கிலிருந்து. முனீஸ் சொன்னது காதில் கேட்டது. அவனை ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

மாடி ஏறும்போது மதியம் பன்னிரண்டரை. மேற்குக் கம்பத்தின் அடியில் குனிந்து பார்த்தேன். காற்று ஓங்கி அடிக்கும்போது தகடு தட்டோட்டை விட்டு எழும்பி, காற்று விட்டதும் டக்கென்று உட்கார்ந்தது. போல்ட்டைச் சுற்றிச் சிவப்புத் தூள் கொட்டிக் கிடந்தது. விரலால் பிடித்தேன், போல்ட் ஆடியது. ஆடி ஆடித் துளையே பெருத்துப் போயிருந்தது. மூன்று கம்பத்திலும் அதே கதை.

உள்ளே ஆள் இருக்கிறார் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. சுபஸ்ரீ கீழிருந்து, "ஏனுங்க, உள்ள தண்ணி மாத்தறாருங்க, தொறக்காதீங்க" என்று கத்திக்கொண்டே படி ஏறினார். காதில் விழுந்தது. விழுந்தும் கதவைத் திறந்தேன்.

மகுடேஸ்வரன் மாஸ்க் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையைக் கழற்றி, குழாயின் நுனியைக் கையில் பிடித்து, புது மூடியை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நொடிதான். காற்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து உள்ளே பாய்ந்தது. மாடித் தூசி, படிக்கட்டுப் பஞ்சு எல்லாம் அதோடு போயின. அவர் குழாயை நெஞ்சோடு அணைத்துக் குனிந்துகொண்டு மூடியைத் திருகினார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் சுபஸ்ரீ, மூச்சு வாங்க.

என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "இந்த வருஷம் காத்து ரொம்ப ஜாஸ்திக்கா. போல்ட் கொஞ்சம் லூஸாயிட்டு. சரி பண்ணிரலாம்" என்றேன். முனீஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் பாலிதீன் சுற்றிய துணி ரோல் இருபதை முனீஸும் நானும் கீழிருந்து தூக்கி வந்து, கம்பங்களை அடியில் இணைக்கிற இரும்புச் சட்டத்தின்மேல் குறுக்கே போட்டுக் கட்டினோம். அப்போதைக்கு ரூம் அடங்கியது. மறுநாள் காலையில் அங்கமுத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னது சரி. வந்து வெட்டித் தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

"உளியெடுத்துட்டு வர்றனுங்க தம்பி" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

ஒரு கம்பத்தை ஜாக்கியால் தாங்கி, அதனடியில் சுருக்கியைத் தளம்வரை வெட்டி, அடித்தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே இரும்பு முட்டு வைத்து, தளத்தைத் துளைத்துக் கம்பி இறக்கி, கீழே வீட்டுக்குள் கூரையில் ஆறங்குலத் தகடு வைத்து நட்டு முறுக்கினோம். ஒன்று முடித்தபிறகுதான் அடுத்தது. அங்கமுத்து சுற்றிலும் கான்கிரீட் போட்டு ஒழுகாமல் பூசினார். வெட்டும்போது தூசி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். அடிச்சேர்மானம் முழுக்க வெளியிலிருந்து புதுச் சிலிகான் இழுத்தேன். மகுடேஸ்வரன் தண்ணீர் மாற்றுகிற நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாள் ஆனது. இப்போது லாரியை விட்டு இழுத்தாலும் அது அசையாது.

மூன்றாம் நாள் காலையில் வடிந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது என்றார் சுபஸ்ரீ போனில். மத்தியானத்துக்குள் காய்ச்சல், வயிற்று வலி. கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள்.

நான் ஒரு வாரம் போகவில்லை. போக முகமில்லை. ஊத்துக்குளிக்காரர் போன் செய்து வேலையை எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்றேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என் பெண்டாட்டி, "தின்னாம கெடந்தா அவருக்குச் சொகமாயிருமா? போயி மூஞ்சியக் காட்டிட்டு வாரும்" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் மகுடேஸ்வரன் பாதியாகியிருந்தார். மருந்து கேட்கத் தொடங்கிவிட்டது, குழாயை எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தார்கள். மறுபடி வீட்டில் செய்ய விடுவதா, இல்லை இனிமேல் மெஷின்தானா என்பது அபிராமி சிஸ்டர் எழுதித் தருவதைப் பொறுத்தது. நான் போய் நின்றபோது சிஸ்டர் அவர் கட்டில் பக்கத்தில் காகிதத்தோடு நின்றிருந்தார்.

"வீட்டுல என்ன மாறுச்சுன்னு தெரியணும். கை கழுவுனது, மாஸ்க்கு எல்லாம் சரிதான்னு சொல்றீங்க. ரூம்ல ஏதாவது ஆச்சுங்களா?"

சுபஸ்ரீ என்னைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "காத்துங்க. காத்துல கதவு தொறந்துக்குச்சுங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். என் பிழைப்பில் மண் விழக்கூடாது என்று. அந்த அம்மா அப்படி. ஆனால் சிஸ்டர் பேனாவை நிறுத்தி, "காத்துக்கே கதவு திறந்துக்குமுன்னா அந்த ரூம் ஆகாதுங்க. நான் ஓகே குடுக்க முடியாது" என்றார்.

சுபஸ்ரீயின் முகம் செத்துப் போனது. சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"காத்து இல்ல சிஸ்டர், நான்" என்றேன். "கதவைத் தெறந்தது நான். அவங்க தொறக்காதீங்கன்னு கத்தினாங்க, கேட்டும் தெறந்தேன். ஏன் தெறந்தேன்னா ரூம் தூக்க ஆரம்பிச்சிருந்தது. ஏன் தூக்குச்சுன்னா போல்ட்ட நான் சுருக்கியில போட்டேன், தளத்துல போடல. ஒரு பெரியவர் அப்பவே சொன்னார். அவர் வாயை அடச்சேன். இவங்ககிட்டக் காத்து ஜாஸ்தின்னு பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தளத்தைத் துளைத்துக் கீழே தகடு வைத்ததையும் சொன்னேன். சிஸ்டர் முழுக்கக் கேட்டார். பிறகு, ஊத்துக்குளிக்காரருக்கும் கொமரலிங்கத்துக்காரருக்கும் என் நம்பரைக் கொடுத்தவர் அவர்தானே, "அவங்ககிட்டயும் இதச் சொல்லணும் நான்" என்றார்.

"சொல்லுங்க" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை வந்து ரூமைப் பார்க்கிறேன். கீழ தகடு போட்டதையும் காட்டுங்க. பார்த்துட்டு எழுதறேன்" என்று காகிதத்தை மடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அண்ணாச்சி, என்னால வந்தது. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

மகுடேஸ்வரன் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். சிஸ்டர் தூரமாகப் போகிற வரைக்கும் காத்திருந்திருக்கிறார். மெல்லக் கையசைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கதவு தொறந்ததால மட்டும்னு நெனைக்காதீங்க ஆரோக்கியம். அந்தப் பொட்டியெல்லாம் அடுக்கி வெச்சிருந்தமல்லங்க, அதுக்குப் பொறத்தால, செவுத்துக்கும் தரைக்கும் நடுவால வெளிச்சம் தெரிஞ்சுதுங்க. காத்தடிக்கறப்பெல்லாம் செவுரு எந்திரிக்கும். பஞ்சு உள்ள வரும். நான் பிளாஸ்திரி ஒட்டி ஒட்டி வெச்சிருந்தனுங்க."

சுபஸ்ரீ புருஷன் பக்கம் திரும்பினார். தினமும் அந்த ரூமைத் துடைத்தவர் சுபஸ்ரீதான். அந்தப் பெட்டிகளை மட்டும் நகர்த்த வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மகுடேஸ்வரன் சொல்லியிருந்தாராம்.

"எத்தன நாளாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வந்து தொறக்கறதுக்கு முன்னால பத்து நாளு இருக்குமுங்க."

"ஒரு போன் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே. ஏன் சொல்லல?"

அவர் சுபஸ்ரீயைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"சொன்னா ரூமப் பிரிச்சுப்போடுவீங்கன்னு பயமா இருந்துதுங்க. எனக்கு அத உட்டா ஊட்டுல இருக்கறதுக்கு வேற எடமில்லீங்களே."